ஜெனரேட்டரை விற்காதீர்கள்

என் தம்பிக்கு வாய் இருக்கே, அது இருந்தா காட்டுல போட்டாலும் பிழைச்சுக்குவான். சோலார் பேனல் விற்கிறது அவன், கூரையில் ஏறி மாட்டுறது நான். இந்த மாசம் ஒரு ஆர்டராவது வரலேன்னா கடையை இழுத்து மூடணும். அதனால பாக்டரி முதலாளிகளுக்கு அனுப்புற மெயிலை நானே எழுதினேன்.

'பேனல் போட்டாலும் கரண்ட் பில் பூஜ்யம் ஆகாது. பகலில் மெஷின் இழுக்கிற கரண்டில்தான் மிச்சம். இரவு ஷிப்டுக்கு உதவாது. மாதா மாதம் கட்டும் நிலையான கட்டணம் அப்படியே இருக்கும். மிஞ்சுகிற கரண்டை வெளியே விற்க இங்கே வழியில்லை, தேவைக்கு மேல் போட்டால் வீண். லைனில் கரண்ட் போனால், வெயில் கொளுத்தினாலும் பேனலும் நின்றுவிடும். ஜெனரேட்டரை விற்காதீர்கள்.'

கடைசி வரியைத் தூக்கச் சொல்லித் தம்பி கெஞ்சினான். வர்ற லட்சுமியை எட்டி உதைக்கிறியேன்னான். போடா வேலையைப் பாருன்னுட்டு மெயிலை அனுப்பிட்டேன். அவன் முகம் செத்துப் போச்சு. துருவிக் கேட்டதும்தான் கக்கினான்: பிளாஸ்டிக் வார்க்கிற பாக்டரி முதலாளிகிட்ட, பேனல் வந்தா ஜெனரேட்டர் எதுக்குன்னு சொல்லியிருக்கான். அவர் அதை விலை பேசி, இன்னிக்கு ஏத்தி அனுப்புறாராம்.

அடப்பாவி. அங்கே திடீர்னு கரண்ட் போய், ஜெனரேட்டரும் இல்லேன்னா, உருகின பிளாஸ்டிக் மெஷினுக்குள்ளேயே இறுகிடும். போன் போட்டேன், எடுக்கல. பைக்கை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் ஓடினோம். வழியெல்லாம் அவனைத் திட்டினேன்.

பாக்டரி வாசல்ல கிரேன். ஜெனரேட்டருக்குச் சங்கிலி மாட்டியாச்சு. கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டு முதலாளி போனைப் படிச்சிட்டிருந்தார். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

"இதுல இருக்கிறது நிஜமா, நீ சொன்னது நிஜமா?"

தம்பி, "எனக்கே தெரியாது சார். அக்காகிட்ட கேட்டதே இல்லை"ன்னான். அதைக் கேட்டதும் எனக்கு அவன் மேல இருந்த கோபம் பாதி என் மேலேயே திரும்புச்சு. இத்தனை நாள் விற்கிறவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்காம இருந்தது நான்தானே?

"மெயில்ல இருக்கிறதுதான் நிஜம் சார். லைனில் ஆள் வேலை பார்க்கும்போது நம்ம கரண்ட் அங்கே போயிடக் கூடாது, அதனால லைன்ல கரண்ட் போனதும், பேனலை லைனோட இணைக்கிற இன்வெர்ட்டர் தானா நின்னுடும்"னேன்.

சங்கிலியைக் கழட்டச் சொல்லி அவர் கை காட்டினார். அவர் ஆர்டரைப் பத்திப் பேசவேயில்லை. தம்பி என் துப்பட்டா நுனியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், சின்ன வயசுல நின்ன மாதிரி.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "உங்க தம்பி கூரை முழுக்கப் பேனலுக்குக் கணக்கு போட்டான். தேவைக்கு மேல் போட்டா வீண்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. என் பகல் ஓட்டத்துக்குப் பாதிக் கூரை போதும்தானே?"

பதில் எனக்குத் தெரியும். முழுக் கூரைன்னா வருஷம் முழுக்க மூச்சு விடலாம். பாதின்னா, கடை மூடாம ஓடும், அவ்வளவுதான்.

"போதும் சார்."

"அப்ப பாதிக்கு வேலையை ஆரம்பிங்க. இவனையும் கூரைக்கு ஏத்துங்க"ன்னார்.