பத்து நாற்பத்தொன்றுக்கு வந்த வரி

அன்று காலை விளக்குகள் ஒரு நொடி மங்கிப் பிரகாசித்ததை சனத்நகர் தொழிற்சாலை ஷெட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. சுவர்க்கடிகாரம் அப்போது பத்து முப்பத்தேழு காட்டியது. பத்மஜா அதைப் பார்த்ததும் தற்செயல்தான்.

தூத்துக்குடியில் மீன் பதப்படுத்தும் ஒரு கம்பெனிக்காகச் செய்த குளிர்பதன யந்திரத்துக்கு அன்று கடைசிச் சோதனை. வாங்குபவர்கள் எட்டுப் பேர் ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹாலின் கோடியில் கனமான இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் அமோனியா ஓடும் மெஷின் ரூம். உள்ளே ஆபரேட்டர் தேவசகாயம் மட்டும் இருந்தார். டீ முடிந்ததும் கதவைத் திறந்து விருந்தாளிகளுக்கு யந்திரத்தைக் காட்டுவதாக ஏற்பாடு.

பத்மஜாவுக்கு எளிய வேலை. யந்திரத்தின் திரையில் வரும் தமிழ் வாசகங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உள்ளே தேவசகாயம் கணினிக் குறிப்பேட்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அப்படியே அவள் மேஜைத் திரையிலும் விழும். தூத்துக்குடி ஆட்கள் தமிழில்தான் குறிப்பெழுதுவார்கள் என்பதால், கால் மணிக்கு ஒரு தரம் அவரும் தமிழிலேயே தட்டினார். பத்தரைக்கு 'அழுத்தம் சரி' என்று வந்தது. மனிதர் நாகர்கோவிலில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர், விசைப்பலகையையும் பார்க்கமாட்டார், திரையையும் பார்க்கமாட்டார்.

பத்து நாற்பத்தொன்றுக்குத் திரையில் புதிய வரி விழுந்தது.

klbwld lfJkdkels

பத்மஜாவுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் ஒயரிங் சரிபார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் அனந்தகிருஷ்ணனைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க, தேவசகாயம் சார் கீபோர்டு மேல உக்காந்துட்டார்."

"ஹவ், அந்த சைஸுக்கு ஒரு வரி கம்மி," என்றான் அவன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன்; ஆமாம் என்பதற்கு 'ஹவ்'வும் கூடாது என்பதற்கு 'நக்கோ'வும் அவன் தமிழில் கலக்கும். "டெஸ்ட் ஓடறப்ப உள்ள போய்க் கேக்கவும் முடியாது. இன்டர்காம் ஒரு மாசமா டெட். செல்போனும் உள்ள நக்கோ, கேஸ் ஏரியா."

இருவரும் சிரித்தார்கள். அவன் இன்னொரு கப் டீ எடுத்துவரப் போனான். பத்மஜா அடுத்த வாசகத்தைத் திருத்தத் தொடங்கினாள். இரண்டு நிமிடம் போனது.

மறுபடியும் எழுத்துகள் விழுந்தன. இந்த முறை மெதுவாக, ஒவ்வொன்றாக.

hfVdht'd'wld lfJ

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. நடுவில் ஒரு பெரிய V, கடைசியில் ஒரு பெரிய J. முதல் வரியிலும் அப்படி ஒரு J இருந்தது. கை தவறி விழுந்தால் ஷிஃப்ட் விசையை யார் அழுத்துவார்கள்? kdk என்ற மூன்று எழுத்தையும் உற்றுப் பார்த்தாள். தினமும் ஆயிரம் தடவை அவள் விரல்களும் அதே மூன்றைத்தான் தட்டுகின்றன. k என்றால் க, d என்றால் புள்ளி, மறுபடி க. அது 'க்க'.

அவர் தமிழில்தான் தட்டுகிறார். கணினி ஆங்கிலத்தில் நிற்கிறது.

ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தித் தன் கணினியைத் தமிழுக்கு மாற்றினாள். முதல் வரியைப் பார்த்து அதே விசைகளை வரிசையாகத் தட்டினாள். k தட்டினாள், 'க' வந்தது. l தட்டினாள், 'த' வந்தது. b, w, l, d.

கதவைத் திறக்காதே

இரண்டாம் வரியையும் தட்டினாள்.

பின்பூட்டைத் திற

மெஷின் ரூமுக்குப் பின்பக்கம் ஒரு ஷட்டர் உண்டு, வெளியே காலி மைதானம். போன மாதம் பித்தளை வால்வுகள் திருடு போனதிலிருந்து மேனேஜர் லக்ஷ்மிநாராயணன் அதற்கு வெளியிலிருந்து பூட்டுப் போட்டிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தாள். டீ முடிந்திருந்தது. லக்ஷ்மிநாராயணன் சிரித்த முகத்தோடு விருந்தாளிகளை இரும்புக் கதவை நோக்கி அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். வலது கை கைப்பிடிக்கு நீண்டது.

"சார், திறக்காதீங்க!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. லக்ஷ்மிநாராயணன் பல்லைக் கடித்துக்கொண்டு அவளிடம் வந்தார். "என்ன பத்மஜா இது? கெஸ்ட் முன்னாடி கத்தறே?"

"உள்ள கேஸ் லீக் சார். திறந்தா ஹாலுக்குள்ள வந்துடும். தேவசகாயம் சார் எழுதியிருக்கார்."

அவர் திரையைப் பார்த்தார். "இதையா? இது குப்பை. நீ பாட்டுக்கு இதுல அர்த்தம் கண்டுபிடிக்கறியா?"

"குப்பை இல்ல சார். பத்தரை வரைக்கும் தமிழ்ல வந்தது. அந்தக் கணினி ரீஸ்டார்ட் ஆனா மட்டும்தான் ஆங்கிலத்துக்குப் போகும். பத்து முப்பத்தேழுக்கு லைட் ஒரு தரம் மங்கித்து. என்னோடது யுபிஎஸ்ல ஓடறது, எனக்கு ஒண்ணும் ஆகலை. உள்ள இருக்கறதுக்கு யுபிஎஸ் இல்ல. அவர் கண்ணு எரிஞ்சு திரையைப் பார்க்காமலே தட்டியிருக்கார்."

"அதுக்கும் கேஸுக்கும்..."

"எக்ஸாஸ்ட் ஃபேன் சார்!" டீ கப்போடு திரும்பிய அனந்தகிருஷ்ணன் நின்ற இடத்திலேயே உறைந்தான். "கசிஞ்ச கேஸை வெளிய தள்றது அதுதான். கரன்ட் ஒரு நொடி போனாலும் நின்னுடும். யாராவது ஸ்டார்ட் பட்டனை அமுக்கற வரைக்கும் தானா ஓடாது."

மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். காலையிலிருந்து ஷெட் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த தடித்த உறுமல் இல்லை. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. இரும்புக் கதவின் கீழ் விளிம்பிலிருந்து லேசாக, கழிவறை கழுவும் நெடி போல ஒன்று வந்தது.

லக்ஷ்மிநாராயணன் முகம் வெளிறியது. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கி நீட்டினார். "எல்லாரையும் வெளியே அனுப்பு! அனந்து, மாஸ்க் எடுத்துக்கோ, பின்னால ஓடு!"

ஹால் காலியானது. பத்மஜா மட்டும் நகரவில்லை. அவர் இன்னும் ஏதாவது எழுதினால் படிக்க ஆள் வேண்டாமா?

திரையில் ஒரு j விழுந்தது. இன்னொன்று. பிறகு நிற்கவே இல்லை.

jjjjjjjjjjjjjjjjjjjjjjjjjjjj

இதைப் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கீபோர்டு மேல் எதுவோ சாய்ந்து கிடக்கிறது. நான்கு நிமிடத்துக்கு முன் அவள் சொன்ன வேடிக்கை அவள் கண்முன் வரி வரியாக நிரம்பியது. ஒரு திரை முடிந்து அடுத்த திரை ஓடியது. பின்பக்கத்திலிருந்து ஷட்டர் உயரும் சத்தம் கேட்டது. இருமல், கத்தல். எழுத்துகள் சட்டென்று நின்றன.

தூக்கிவிட்டார்களா, நழுவி விழுந்தாரா என்று தெரியவில்லை. கண்சிமிட்டும் கர்சரையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். இரண்டு கண்ணிலும் கட்டு. கண்ணைப் பற்றிக் கேட்டால் மட்டும் பத்து நாள் போகட்டும் என்றார்.

"யாரு, பத்மஜாவா?" குரல் கரகரத்தது.

"ஆமா சார்."

"நல்ல வேளை பிள்ளே, நான் தமிழ்ல அடிச்சேன். இங்கிலீஷ்ல எழுத்து தேடிக்கிட்டு இருந்தா அவ்வளவுதான்."

அவருக்கு இன்னும் தெரியாது என்று அவளுக்கு உறைத்தது. சொன்னாள்: மின்சாரம் போனது, கணினி ஆங்கிலத்தில் எழுந்தது, வந்தது ஒரே குப்பை.

கட்டுக்குக் கீழே அவர் உதடு அசைந்தது. "அப்போ எப்படிம்மா படிச்ச?"

"நீங்க அமுக்கின விசையையே நானும் அமுக்கினேன் சார்."

"கெட்டிக்காரி." அவர் கை கட்டிலின் மேல் தடவி அவள் கையைத் தேடியது. "வந்த உடனே படிச்சிட்டியா?"

குறிப்பேட்டில் முதல் வரியின் பக்கத்தில் பத்து நாற்பத்தொன்று என்று பதிவாகியிருந்தது. ஷட்டர் திறந்தது பத்து நாற்பத்தெட்டுக்கு. அந்த ஏழில் இரண்டு நிமிடத்தை அவள் சிரித்தே போக்கியிருந்தாள்.

"உடனே சார்," என்றாள் பத்மஜா.