முதல் பதிப்பு, லெம்மா 4.2

அவள் பத்திரிகைக்கு அனுப்பியிருந்த கணிதக் கட்டுரைக்கு மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்திருந்தது. அதில் மூன்றாவது குறிப்பு ஒற்றை வரிதான். "மேற்கோள் [7]-இல் லெம்மா 4.2 நீங்கள் சொல்லும் செய்தியைச் சொல்லவில்லை."

அவள் சிரித்துக்கொண்டாள். மேசை இழுப்பறையிலிருந்து அக்காவின் கட்டுரையை எடுத்தாள். அச்சுத்தாளில் லெம்மா 4.2, அவள் சொன்ன அந்தத் துணைத் தேற்றம், அப்படியே இருந்தது. ஓரத்தில் பேனா மசியும் டீக்கறையும்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. இதே ஆய்வு மாணவர் அறையில் எதிர் நாற்காலியில் இருந்தவள், இரண்டு வருஷம் மூத்தவள். போன வருஷம் இறந்துபோனாள். அந்தக் கட்டுரை பத்திரிகை எதிலும் வரவில்லை. இணையத்தில் அவளே ஏற்றிய முன்வரைவு மட்டும்தான். அதை வேறு யாரும் மேற்கோள் காட்டியதும் இல்லை.

சரிபார்ப்பதற்காக இணையத்தில் திறந்தாள். பதிப்பு இரண்டு என்று போட்டிருந்தது. அவளிடம் இருந்தது பதிப்பு ஒன்று. புதியதில் லெம்மா 4.2 வேறு ஏதோ சொன்னது, பழைய 4.3 தான் அது. ஒன்றை நீக்கினால் அடுத்தவை தாமாகவே ஒவ்வோர் எண் முன்னுக்கு வந்துவிடும். மேலே குறிப்பில் அக்கா எழுதியிருந்தாள்: "முதல் பதிப்பின் லெம்மா 4.2 தவறு. அதுவும், அதை நம்பிய தேற்றமும் நீக்கப்பட்டன."

அவளுடைய கட்டுரை முழுவதும் அந்த லெம்மாவின் மேல்தான் நின்றது.

அன்று மாலைக்குள் தவறு பிடிபட்டது. கிராஃப், அதாவது கோடுகளால் இணைந்த புள்ளிகளின் வலை, இரண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தால் லெம்மா பொய்த்துவிடும். ஒரே துண்டாக இருந்தால் அக்காவின் நிறுவலில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். அக்காவின் தேற்றத்துக்குப் பிரிந்த கிராஃபும் தேவைப்பட்டது. இவளுடையவை எல்லாமே ஒரே துண்டு.

எதிர் நாற்காலியைப் பார்த்தாள். நீக்கும் முன் அக்கா ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "எனக்கு ஒரே துண்டு போதும் அக்கா, எடுத்துடாதீங்க" என்று சொல்லியிருப்பாள்.

ஆய்வு நெறியாளர் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நிறுவலை நம்ம கட்டுரையிலேயே எழுதிடும்மா. ஒரு பக்கம் வருமா?"

"அரைப் பக்கம் சார். ஆனா நிறுவல் அவங்களோடது."

"நன்றியில ஒரு வரி போடு. அவங்களே எடுத்துட்ட லெம்மாவை நம்பர் போட்டுக் காட்டினா, செத்துப்போனவ தப்பை நாம ஊருக்குச் சொல்ற மாதிரி ஆகாதா?"

நன்றியில் பேர் வந்தால் மேற்கோள் ஆகாது. அக்காவின் கட்டுரை பட்டியலிலேயே இருக்காது.

அக்காவின் கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். கட்டுரையை அனுப்பிய அன்று, அக்காவின் லெம்மா 4.2-ஐ மேற்கோள் காட்டியிருப்பதாக அவரிடம் சொல்லியிருந்தாள். "நாலு புள்ளி ரெண்டா? டாக்டர் டோஸ் எழுதின மாதிரி இருக்கே!" என்று சிரித்தவர், அச்சில் வந்ததும் காட்டச் சொல்லியிருந்தார்.

இப்போது கடையில் கூட்டமில்லை. அவள் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தாள்.

அவர் மாத்திரை அட்டைகளை அடுக்குவதை நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரியில லேப்டாப் கேட்டு ஒரே சண்டை. 'தப்பு ஒண்ணு இருக்கு, நான் இருக்கும்போதே எடுத்துடணும்'னா. காய்ச்சல்ல உளறுறானு நினைச்சு, தூங்குடின்னு அதட்டினேன். மறுநாள் குடுத்தேன். முடிச்சுட்டு, 'இனி யாரும் இதை நம்பி ஏமாற மாட்டாங்க'ன்னு சொன்னா."

"நான் புதுசைத் திறந்தே பாக்கல, மாமா."

"நம்பினது நீ ஒருத்திதான் போல." கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிப்பதற்குள் மறுபடி அட்டைகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்.

அவள் கைப்பேசியில் தட்டி வைத்திருந்த வரியை வாசித்தாள். "பார்க்க: [7, பதிப்பு 1, லெம்மா 4.2]. அங்குள்ள பொதுக் கூற்று சரியல்ல என்று கண்டு, ஆசிரியரே பதிப்பு 2-இல் அதை நீக்கினார். தொடர்புள்ள, அதாவது ஒரே துண்டான, கிராஃப்களுக்கு அவருடைய நிறுவல் அப்படியே பொருந்தும். அதைக் கீழே தருகிறோம்."

"சரியல்லனு போட்டே ஆகணுமா?"

"ஆமா மாமா. இல்லன்னா யாராவது அதைத் ரெண்டு துண்டான கிராஃபுக்கும் எடுத்துப்பாங்க."

"ஆசிரியரேனு இருக்கே. அவதான் கண்டுபிடிச்சானு படிக்கிறவங்களுக்குப் புரியுமா?"

"புரியும்."

இருமல் மருந்து கேட்டு ஒருவர் வந்தார். மாமா திரும்பி அலமாரியில் தேடினார். மருந்து கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அவர் வெகுநேரம் தேடினார்.