வெள்ளைக்கு இருபத்தாறு ஆம்பியர்

“…அதுவும் எந்நேரமும் இல்லம்மா. நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு ஒரு எழுத்து பச்சையா வெட்டும், இன்னொன்னு ஊதாவா வெட்டும். பேய் புகுந்த மாதிரி இருக்கு.”

“போன்ல கலர் மாத்தும்போது அதிகமா வெட்டுதாண்ணே?”

மறுமுனையில் இருந்தவர் முருகையன், அவள் முன்பு வேலை பார்த்த லைட் செட்டின் ஆள். நேரில் பார்க்காமலே நாடியைச் சொல்லிவிட்டாளே என்ற மலைப்பு அவருக்கு. பிறகு குரலைத் தாழ்த்தி, ஆமாம் என்றார். முதலாளிக்கு நாளைக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில், டெல்டாவில் சீரியல் செட் போடுகிறவர்கள் அத்தனை பேரும் வருகிறார்கள், பேர் எழுதிய விளக்கு போர்டு இப்படி நின்றால் மானம் போய்விடும் என்றார். கடைசியாக, கூப்பிடச் சொன்னதே முதலாளிதான் என்பதையும் மென்று விழுங்கிச் சொன்னார்.

செம்மொழி கையிலிருந்த சாலிடரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தாள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஆறடிக்கு எட்டடிக் கடை அது. கேட் மூடியிருந்தது. காத்திருந்த நெல் லாரியின் ஓட்டுநர், கடைக்குள் எட்டிப்பார்த்துப் பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான். “சிவப்பு” என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுந்தது. ஒரு வருஷமாக அவளுக்கு அதுதான் பேர்.

“வரேண்ணே,” என்றாள்.

போன வருஷம் தெப்பத் திருவிழாவில் தெப்பத்தின் மேல் நின்ற மின்விளக்குக் கோபுரம் அவள் செய்தது. டிப்ளமோ முடித்து, குஞ்சிதபாதத்தின் லைட் செட்டில் சேர்ந்து, முதன்முதலாகத் தனியாக எழுதிய புரோகிராம். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாகக் கூப்பிட்டு நிறம் சொல்லக்கூடிய பட்டை விளக்கு ஊருக்கே புதுசு. அந்தப் பட்டைக்கு ஐந்து வோல்ட், ஆனால் ஆம்பியர் அதிகம். அதனால் இரண்டரை எம்எம் வயர் வேண்டும், இரண்டு பக்கமும் கரண்ட் கொடுக்க வேண்டும் என்று தாளில் எழுதியே கொடுத்திருந்தாள். குஞ்சிதபாதம் அந்தத் தாளில் வெற்றிலையை மடித்தார். “வயர் என் வேலை. நாப்பது வருஷமா தேரோடும் வீதி முழுக்க இந்த வயர்லதான் எரிச்சிருக்கேன். நீ உன் புரோகிராம் பொட்டிய பாரு.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. இருநூற்று முப்பது வோல்ட்டில் ஓடிய பழைய சீரியல் பல்புகளுக்கு நூல் மாதிரி வயர் போதும். ஆனால் அதே வெளிச்சத்தை ஐந்து வோல்ட்டில் கேட்டால், நாற்பது ஐம்பது மடங்கு கரண்ட் அந்த வயரில் போயாக வேண்டும். வாய்க்காலில் காவிரியைத் திருப்பிவிட்டால் கடைமடைக்கு என்ன வந்து சேரும்? நீலமும் பச்சையும் எரிய வோல்ட் கூடுதலாக வேண்டும்; சிவப்புக்குக் கொஞ்சம் போதும். கடைமடையில் வோல்ட் இறங்கியதும் நீலமும் பச்சையும் செத்து, சிவப்பு மட்டும் மிஞ்சியது. வெள்ளைக் கோபுரம் பாதிக்கு மேல் செங்கல் நிறத்தில் நின்றது. கரையெல்லாம் சனம். குஞ்சிதபாதம் மைக்கை வாங்கினார். “பொட்டப்புள்ளைய நம்பிப் புரோகிராம் குடுத்தேன். வெள்ளைக் கோபுரத்தைச் செவப்பாக்கிட்டா. சமைஞ்ச புள்ளைக்கு எல்லாமே செவப்பாத்தான் தெரியும்போல.”

குளக்கரை முழுக்கச் சிரித்தது. அவள் அப்பாவும் அந்தக் கரையில்தான் நின்றிருந்தார். மறுநாளிலிருந்து அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

அன்று அவளருகே வந்தது ஒரே ஒருத்தி. குஞ்சிதபாதத்தின் மனைவி அம்சம். தண்ணீர்ச் செம்பை நீட்டி, தணிந்த குரலில் “குடி புள்ள” என்று சொல்லி, அவள் குடித்து முடிக்கும் வரை நின்றுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, திருக்கடையூர் மண்டபத்தில் போர்டு மேடைக்குப் பின்னால் இருபது அடி நீளத்துக்கு நின்றது. தகரத்தில் வெட்டிய பதினோரு எழுத்துகள்: குஞ்சிதபாதம், அதற்கு வலப்பக்கம் அம்சம். எழுத்துக்கு நாற்பது விளக்கு, ஆக நானூற்று நாற்பது. செம்மொழி பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அதே நூல் வயர். மின்சாரப் பெட்டி வலது ஓரத்தில், அம்சத்தின் கடைசி எழுத்துக்குப் பின்னால் இருந்தது; கரண்ட் அங்கிருந்து கிளம்பி, இடப்பக்கம் அவர் பேர் வரை ஒரே வழியில் போயாக வேண்டும்.

அவளுக்குள் எதுவோ மெதுவாக, சந்தோஷமாக, நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைமடை அவர் பேர்.

குஞ்சிதபாதம் பட்டு வேட்டியோடு வந்தார். கழுத்தில் சந்தனம். பழைய கதையைப் பேசவில்லை. “புரோகிராம்ல ஏதோ கோளாறு, பாத்து விடு. வயர் எல்லாம் நானே பாத்துட்டேன்” என்றார்.

“வயர்ல கை வைக்க மாட்டேன் முதலாளி. அது உங்க வேலை.”

“அது. இப்பதான் தொழில் கத்துக்கிட்டிருக்க.”

புரோகிராமில் கோளாறு இருந்தது உண்மைதான். முருகையன் யாரிடமோ வாங்கிவந்த பொடி கம்ப்யூட்டர் பலகை, போனோடு வைஃபையில் பேசிக்கொண்டே விளக்குகளுக்கும் சேதி அனுப்பியது. அந்தச் சேதி வெறும் துடிப்பு. ஒரு துடிப்புக்கு ஒன்றேகால் மைக்ரோ விநாடி, அதில் 0.4 மைக்ரோ விநாடி மேலே நின்றால் பூஜ்யம், 0.8 நின்றால் ஒன்று. கண் சிமிட்டும் நேரத்தில் லட்சக்கணக்கில் ஓடிவிடும். நடுவில் வைஃபை “இங்கே வா” என்று இழுத்தால் ஒரு துடிப்பு நீண்டுவிடும், பூஜ்யம் ஒன்றாகிவிடும், எழுத்து பச்சையாக வெட்டும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தாளம் தப்பிய தவில்.

அவள் துடிப்புகளை அனுப்பும் வேலையைப் புரோகிராமிடமிருந்து பிடுங்கி, சிப்புக்குள்ளேயே அதற்கென்று இருக்கும் தனிச் சுற்றிடம் கொடுத்தாள். வைஃபை என்ன கத்தினாலும் அது திரும்பிப் பார்க்காது. பலகை தந்த 3.3 வோல்ட் சிக்னல் ஐந்து வோல்ட் பட்டைக்குப் பற்றாது. நடுவில் ஒரு சின்ன ஐசி வைத்து ஐந்தாக ஏற்றினாள். பலகையின் கிரவுண்டும் பட்டையின் கிரவுண்டும் தனித்தனியாகக் கிடந்தன. முதல் எழுத்தருகே இரண்டையும் சேர்த்தாள். எதிலும் குறை வைக்கவில்லை. இந்த வேலையில் ஒரு துளி பழுது இருந்தால் பழி மறுபடியும் அவள் மேல் விழும். இன்றைக்கு அவள் பங்கு பளிங்குபோல் இருக்க வேண்டும். மிச்சத்தை அவருடைய வயரே சொல்லட்டும்.

போனில் வெளிச்சத்தை முழு அளவான இருநூற்று ஐம்பத்தைந்துக்கு ஐம்பதில் வைத்து ஓட்டிக் காட்டினாள். எட்டாம்பியர்கூட இழுக்காது அது. பதினோரு எழுத்தும் பால்போல நின்றன. முருகையன் கைதட்டினார். குஞ்சிதபாதம் மண்டபத்து சன்னல்களைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். “பகல் வெளிச்சத்துல மங்கலா தெரியுது. சாயங்காலம் ஃபுல்லா வச்சிரு. எல்லாப் பயலும் வாயப் பொளக்கணும்.”

“ஃபுல்லாவா முதலாளி?”

“ஃபுல்லா.”

ஒரு விளக்கு முழு வெள்ளைக்கு அறுபது மில்லி ஆம்பியர் கேட்கும். நானூற்று நாற்பதுக்கு இருபத்தாறு. செம்மொழி தலையாட்டினாள். போகும்முன் மின்சாரப் பெட்டியில் இருபது ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சொருகினாள். இருபத்தாறு கேட்டாலும் அந்த நூல் வயர் முக்கால்வாசிதான் விடும்; ஆனால் சூடேறும், எங்காவது உரசிக்கொண்டால் ஃபியூஸ் அறுந்து அணைத்துவிடும். அவள் ஒருவரை அவமானப்படுத்த வந்தவள், மண்டபத்தைக் கொளுத்த வந்தவள் அல்ல.

பிறகு கோயில் பக்கம் போய்விட்டாள். குளப்படியில் உட்கார்ந்து தண்ணீரில் அசையும் கோபுரத்தைப் பார்த்தபடி, சாயங்காலத்தை மனசுக்குள் பத்து தடவை ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் குஞ்சிதபாதம் என்ற பேர் இன்னும் கொஞ்சம் சிவந்தது. அந்தச் சிரிப்பை அப்பாவுக்குப் போனில் கேட்க வைக்கலாம் என்றுகூட நினைத்தாள்.

ஆறரை மணிக்குத் திரும்பி வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. நாகப்பட்டினம், மன்னார்குடி, திருவையாறு என்று லைட் செட்காரர்கள் முன்வரிசைகளில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருவர் பக்கத்து ஆளை முழங்கையால் இடித்தார். “சிவப்பு வந்திருச்சு. இன்னிக்கு என்ன கலரு?” செம்மொழி அவரைப் பார்த்துச் சிரித்தாள். மேடையோரத் தூணில் சாய்ந்து போனைத் திறந்தாள்.

மாலையும் கழுத்துமாக இருவரும் மேடையேறினார்கள். மேளம் கொட்டியது. மண்டபத்து விளக்குகளை அணைத்தார்கள். செம்மொழி திரையில் விரலை வைத்து, ஐம்பதிலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்துக்கு ஒரே இழுப்பாக இழுத்தாள்.

குஞ்சிதபாதம் என்ற பேர் வைரம்போல் எரிந்தது. ஏழு எழுத்தும். முதல் எழுத்து கண்ணைக் கூச வைத்தது.

சிவந்து கிடந்தது அம்சம்.

‘அ’ மஞ்சளித்து, அடுத்த எழுத்து செம்மண்ணாகி, அதற்கடுத்தது துருவாகி, கடைசி ‘ம்’ அணையப்போகும் கரித்துண்டுபோல் கிடந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ, “பொண்டாட்டிக்குக் கரண்ட் கட்டு பண்ணிட்டான்யா” என்றார். முன்வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் மனசுக்குள் பத்து தடவை ஓட்டிப் பார்த்த அதே சிரிப்பு.

செம்மொழி தூணருகே வந்த முருகையனைப் பிடித்துக் கேட்டாள். நாதஸ்வரக்காரர்கள் உட்கார வலப்பக்கத்தில் இடம் பற்றவில்லையாம். மின்சாரப் பெட்டியைக் கழற்றி இடது ஓரத்தில், முதல் எழுத்துக்குப் பின்னால் மாட்டிவிட்டாராம். வயர்தானே, எந்தப் பக்கம் கொடுத்தால் என்ன என்றார்.

மேடையில் குஞ்சிதபாதம் தன் பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அவமானம் இல்லை, எரிச்சல்கூட அவ்வளவாக இல்லை. மைக் அவர் கைக்கு வந்திருந்தது. “எம் பேரு நல்லாத்தான் எரியுது. அவ பேருலதான் ஏதோ தோஷம்,” என்றார். மறுபடி சிரிப்பு. அம்சம் தன் பேரை அண்ணாந்து பார்த்தாள், பிறகு மாலையைப் பார்த்தாள், பிறகு கீழே.

செம்மொழியின் விரல் திரையில் அப்படியே இருந்தது. ஐம்பதுக்கு இறக்கினால் போதும். பதினோரு எழுத்தும் ஒன்றுபோல் வெளுத்துவிடும், அம்சம் தலை நிமிர்வாள். குஞ்சிதபாதமும் தப்பித்துவிடுவார், நாற்பது வருஷத்து வயர் இன்றும் ஜெயித்ததாக நாளைக்கு நீடாமங்கலம் முழுக்கச் சொல்வார். இறக்காமல் விட்டால், இந்த முன்வரிசை தொழில் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷத்தில் எவராவது எழுந்து பின்பக்கம் போய் அந்த வயரைத் தொட்டுப் பார்ப்பார். சூட்டில் கையை உதறிக்கொண்டே கேட்பார், எந்த மடையன் இதைப் போட்டது என்று. அதற்குள் மன்னார்குடிக்காரர் ஒருவர் நெற்றியைச் சுருக்கி எழுந்துவிட்டார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் ஒரு வருஷம் காத்திருந்தாள். அந்த நிமிஷம் முழுக்க அம்சம் அந்தச் சிவப்புக்குக் கீழே நிற்க வேண்டும்.

அம்சம் மேடையை விட்டு இறங்கினாள். புதுப் பட்டு தடுக்கியது. ஒரு கையால் மாலையைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் பார்க்கப் பார்க்கத் தூணருகே வந்தாள். செம்மொழியின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். திரை வெளிச்சம் அவள் மஞ்சள் பூசிய முகத்தில் விழுந்தது. புரிந்துகொண்டாளா இல்லையா என்று செம்மொழியால் சொல்ல முடியவில்லை.

பின்பக்கத்தில், போர்டை நோக்கி மன்னார்குடிக்காரரின் செருப்புச் சத்தம் போய்க்கொண்டிருந்தது.

“ஏன் புள்ள,” என்றாள் அம்சம், செம்பை நீட்டிய அன்று போலவே தணிந்த குரலில், “இவ்ளோ வருசத்துல எம் பேர எங்கயும் எழுதி நான் பாத்ததில்ல. அத மட்டும் கொஞ்சம் வெள்ளையா வச்சு விடேன்?”