ஏரம்புவின் லொறிக் கொட்டில்

சீவரத்தினத்துக்கு அமெரிக்கா என்றால் ஒரு தனி மயக்கம். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுக்காரருக்கு வீடு கட்டிக் கொடுக்கிற சின்னக் கந்தோர்தான் அவருடையது. ஆனால் சட்டம் பெரிசு! லண்டனுக்கு மின்னஞ்சல் எழுதினால் அந்த ஊர் இங்கிலீசில் லொறி, பிளற்; அமெரிக்காவுக்கென்றால் அதுகளே ட்ரக், அப்பாட்மென்ற். கலந்துவிட்டால் மனிசனுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்.

எழுதுகிறவள் மீனாம்பிகை. அன்று சிக்காகோவிலிருக்கும் செல்வரட்ணத்துக்கு எழுதவேண்டியிருந்தது. எண்பது தாண்டிய கிழவர். உரும்பிராயில் அவருடைய காணியில், 1940களில் தகப்பன் ஏரம்பு புகையிலை ஏற்றின லொறி நின்ற கொட்டில் இன்னும் நிற்கிறது. அதை இடித்துவிட்டு அப்பாட்மென்ற் கட்டுவதாகத் திட்டம். கொழும்புக் கொம்பனி ஒன்றும் அதே வேலைக்குப் போட்டி. இந்த வேலை கைநழுவினால் கந்தோரைப் பூட்டவேண்டியதுதான், மீனாம்பிகையும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"பிள்ளை, என்ன லொறி எண்டு கிடக்கு? ட்ரக் எண்டு மாத்து."

"அண்ணை, வீடுகளை அப்பாட்மென்ற் எண்டே எழுதியிருக்கிறன். ஆனால் அந்த இடத்துக்கு ஊரிலை லொறிக் கொட்டில் எண்டுதான் பேர். அவற்றை வீட்டுக்காரரும் அப்பிடித்தானே சொல்லியிருப்பினம்?"

"ஒரு கடிதத்திலை ரெண்டு நாட்டு இங்கிலீசோ? சிரிப்பாங்கள்!"

மனமில்லாமல் மாற்றி அனுப்பினாள்.

மறுநாளே பதில் வந்தது. "அறுபது வருசமாக நானும் ட்ரக் என்றுதான் சொல்கிறேன். ஆனால் என் அப்பாவிடம் இருந்தது லொறி. நீங்கள் அந்தக் கொட்டிலை ஒருதரமாவது பார்த்தீர்களா? வேலையைக் கொழும்புக்குக் கொடுக்க யோசிக்கிறேன்." அத்தனையும் இங்கிலீசில். சீவரத்தினம் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார்.

மீனாம்பிகை உரும்பிராய்க்கு பஸ் ஏறினாள். கொட்டிலின் கூரை பாதி இல்லை. ஆனால் நிலத்தில் ஒயில் சிந்தின கறுப்பு அப்படியே இருந்தது. சுவரிலே டயர்கள் உரசின தடம். அவளுக்கு என்னவோ செய்தது. அவள் பிறக்க முன்னம் நின்ற லொறி, அதற்கு இவளேன் கண்கலங்கவேணும்? படம் எடுத்தாள். அங்கே நின்றபடியே எழுதினாள்: லொறிக் கொட்டில் இன்னும் நிற்கிறது, ஒயில் கறையும் போகவில்லை. அப்பாட்மென்ற் என்ற சொல்லை மாற்றவில்லை. சீவரத்தினத்திடம் கேட்கவும் இல்லை.

விடிந்து பார்த்தபோது பதில் வந்திருந்தது. இவ்வளவு மாதமும் இங்கிலீசில் மட்டும் எழுதினவர், இந்தமுறை தமிழில் எழுதியிருந்தார்.

"காலமை அப்பா லொறியை எடுக்கேக்கை ஹோன் அடிப்பார், நாங்கள் எல்லாரும் எழும்பி ஓடுவம். கொட்டிலை இடியாதேங்கோ, பிள்ளை. அப்பாட்மென்றைத் தெற்குப் பக்கமாக் கட்டுங்கோ. ஓம், நீங்களே கட்டுங்கோ."

சீவரத்தினம் இரண்டுதரம் வாசித்தார். பிறகு வரைபடத்தை இழுத்தெடுத்து, இடிக்கவேண்டியது என்று போட்டிருந்த சிவப்புக் கோட்டை அழித்தார்.

"இந்தக் கொட்டிலுக்கு என்ன பேர் போட, பிள்ளை?" என்று அவளிடம் கேட்டார்.