பிளசி சொல்லாத பொய்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனம் வெளியே வருவதற்குள் அல்போன்ஸ் ஓடிப்போய் லட்டு வாங்கி வந்துவிட்டான். அதியமான்கோட்டையில் ரோட்டோரம் டயர்க்கடை வைத்திருப்பவன். வாயெல்லாம் பல்லாக, கோயில் வாசலில் நின்று போவோர் வருவோர் கையிலெல்லாம் லட்டைத் திணித்தான்.

"என்ன விசேசம் அல்போன்சு?"

"எம் பொண்ணுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஏறிடுச்சுங்க! ரிப்போர்ட்ல அம்புக்குறி மேல பாக்குது. இனிமே பாருங்க, கிடுகிடுன்னு வளந்துடுவா."

மகள் பிளசி மூன்றாம் வகுப்பு. படிப்பில் கெட்டி. ஆனால் அங்கன்வாடிப் பிள்ளைகளோடு நிற்க வைத்தால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். முன்னால் தள்ளிய நெற்றி, சின்ன மோவாய், பொம்மைக் கை, கீச்சுக் குரல். இன்னும் ரெண்டு மாதத்தில் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்கப்போகிறாள். அவள் அளவுக்கு வெள்ளைக் கவுன் கிடைக்காமல் தைக்கக் கொடுத்திருந்தார்கள்.

அந்த மனிதன் லட்டோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"எல்லாம் எங்க ராயம்மா அக்கா கைராசி. அது ஊசி போட ஆரம்பிச்ச பொறவுதான் ஏறியிருக்கு. முன்னாடி போட்டவங்க போட்டாங்களோ, சாக்கடையில ஊத்தினாங்களோ, யாரு கண்டா!"

முன்னாடி போட்டது அவன் பெண்டாட்டி ஜெயராணி. மகள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றாள். கையிலிருந்த லட்டைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டு நடந்தாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

சந்தேகம் முளைத்தது டவுன் கிளினிக்கில். அங்கே ஒரு டாக்டர், ரத்தம் கித்தம் எதுவும் பார்க்காமல், குள்ளமா இருக்கா, ஹார்மோன் பத்தல என்று ஊசி எழுதிக்கொடுத்தார். ஜெயராணி ஃப்ரிட்ஜில் வைத்துப் பத்திரமாகத் தினமும் போட்டாள். வருஷம் ஓடியும் பிள்ளை வளரவில்லை. "ஒழுங்கா போட்டீங்களாம்மா? போட்டிருந்தா வளந்திருக்கணுமே" என்றார் டாக்டர். அவ்வளவுதான். அல்போன்சுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. பிள்ளை அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் இவள் ஏமாற்றியிருக்கிறாள் என்று முடிவே கட்டினான். ஊசியை அவள் கையிலிருந்து பிடுங்கிப் பக்கத்து வீட்டு ராயம்மா அக்காவிடம் கொடுத்தான்.

"அம்மா தெனமும் போட்டாங்கப்பா. எனக்குத்தானே வலிச்சுது" என்றாள் பிளசி.

"அம்மா சொல்லிக் குடுத்தாளா? பொய் சொல்ற பிள்ளைக்குப் புதுநன்மை கிடையாது, தெரியுமில்ல?"

அதன்பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

அக்கா போட்டும் வளரவில்லை என்றதும்தான் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே டாக்டர் நிர்மலாதேவி ஊசியை நிறுத்தச் சொல்லி, ஒரு மாதம் கழித்து வரவழைத்து ரத்தம் எடுத்தார். அந்த ரிப்போர்ட்தான் போனில் வந்து லட்டாக மாறியது.

மறுநாள் டாக்டருக்கும் ஒரு பெட்டி எடுத்துப்போனான். அவர் பெட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடுத்த வரியப் படிச்சீங்களா? ஐஜிஎஃப்-ஒண்ணுன்னு போட்டிருக்கே?"

படிக்கவில்லை. மேலே பார்த்த அம்பைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"அது அடியோட கம்மி. வளர்ச்சி ஹார்மோன் தலைக்குள்ள சுரக்குதுங்க. ஆனா அதைப் பிடிச்சுக்க செல்லுங்க மேல ரிசெப்டர்னு ஒண்ணு வேணும். பிடிச்சாத்தான் கல்லீரல் ஐஜிஎஃப்ப உண்டாக்கும், எலும்பு வளரும். இவளுக்குப் பிடிக்கிற இடத்துலதான் கோளாறுன்னு தோணுது. ஐஜிஎஃப் வராததால, பத்தல பத்தலன்னு தலை இன்னும் ஹார்மோன அனுப்பிக்கிட்டே இருக்கு."

அல்போன்சுக்குப் பளிச்சென்று புரிந்தது. அவன் கடை கம்ப்ரசர் டாங்கி நிறைந்தால் தானே நின்றுவிடும். நிறைந்த சேதி வராவிட்டால் ஓடிக்கொண்டே கிடக்கும். டயர் வால்வு அடைத்திருந்தால் எத்தனை காற்று அடித்தும் என்ன ஏறும்?

"அப்ப... நாங்க போட்ட ஊசி ஏறலீங்களா?"

"அது ரெண்டு நாள்கூட உடம்புல நிக்காது. இது அவளோட சொந்த ஹார்மோன். ஏற்கெனவே கொட்டிக் கிடக்குது. மேல மேல ஊத்தி என்ன பண்றது?"

உறுதிப்படுத்த வார்டில் சேர்த்து, நர்சே சில நாள் ஊசி போட்டார். ஐஜிஎஃப் அசையவில்லை. மூவர் ரத்தத்தையும் ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். ரிசெப்டருக்கான ஜீன் ஆளுக்கு ரெண்டு பிரதி. பிளசிக்கு ரெண்டுமே மாறியிருக்கிறது. ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. அவர்களுக்கு ஆளுக்கொரு நல்ல பிரதி இருப்பதால் வளர்ந்துவிட்டார்கள்.

"நீங்க சொந்தமா?"

"மாமன் பொண்ணுங்க. பிஷப்கிட்ட அனுமதி வாங்கித்தான் கட்டினோம்."

"அதான். ஒரே தாத்தாகிட்ட இருந்து வந்திருக்கலாம். யார் தப்பும் இல்ல. ஐஜிஎஃப்பையே மருந்தாப் போடலாம், ஆனா இங்க கிடைக்கிறது கஷ்டம். முயற்சி பண்றேன். அதுக்கும் சாப்பிட வெச்சுட்டுத்தான் போடணும், சர்க்கரை இறங்கிடும்." பிறகு ஜெயராணியைப் பார்த்தார். "அந்த ஊசிய யார் போட்டிருந்தாலும் இவ வளந்திருக்க மாட்டாம்மா."

ஜெயராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அல்போன்ஸ் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தான். ஜெயா, தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை. தொப்பூர் வந்தது, அதியமான்கோட்டையும் வந்தது, வார்த்தை வரவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடியுமுன்பே நழுவினான். அதற்கடுத்ததும் அப்படியே. ஊர் வாயில் அவன் போட்ட லட்டு இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. "எங்க, பிளசி வளந்துட்டாளா? அவ அம்மா அப்படிப் பண்ணியிருக்க வேணாம்" என்று கடைக்கே வந்து கேட்டார்கள். இல்லைங்க என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். வெட்கங்கெட்ட மனுஷன்!

புதுநன்மைக்கு முந்தைய சனிக்கிழமை. பிள்ளைகள் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் முதல் பாவசங்கீர்த்தனம். கோயிலுக்குள் வரிசை நின்றது. பெரியவர்களும் நின்றார்கள். ராயம்மாளும் முன்னால் இருந்தாள். பிளசி அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, ஃபாதர்கிட்ட ரெண்டு பாவம் சொல்லப்போறேன். ஸ்கூல்ல பென்சில் எடுத்தது ஒண்ணு. உங்ககிட்ட பொய் சொன்னது ஒண்ணு."

"என்ன பொய் கண்ணு?"

"அம்மா தெனமும் ஊசி போட்டாங்கன்னு சொன்னேனில்ல. நீங்க பொய்யின்னு சொன்னீங்க. சொல்லலேன்னா புதுநன்மை தரமாட்டாங்க இல்ல?"

கீச்சுக் குரல். கோயிலுக்குள் எல்லோர் காதிலும் விழுந்தது. ஜெயராணி தலையைத் திருப்பிக்கொண்டாள். அல்போன்சுக்கு அவமானத்தில் காது எரிந்தது. ஆனாலும் இந்த முறை குனிவதற்கு ஸ்பேனர் இல்லை.

"அது பொய்யில்ல பிளசி" என்றான். வரிசையைப் பார்த்துத் திரும்பி இன்னும் உரக்கச் சொன்னான். "எல்லாரும் கேளுங்க. எம் பொண்டாட்டி தெனமும் ஊசி போட்டா. அந்த ஊசி இந்தப் பிள்ளைக்கு வேலையே செய்யாது, ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. இவளுக்கு வந்திருக்கிற கோளாறுல பாதி என்கிட்ட இருந்து வந்தது. வாசல்ல நின்னு நான் பேசினதெல்லாம் பொய்யி. அக்கா, கைராசின்னு நீயும் இனிமே சொல்லாத."

ஜெயராணி அவனைப் பார்க்கவில்லை. "இப்பவாச்சும் சொன்னீங்களே" என்று முணுமுணுத்துக் கண்ணைத் துடைத்தாள். மன்னித்தாளா இல்லையா என்று அதில் ஒன்றும் தெரியவில்லை.

பிளசி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள் முகத்தில் கவலை.

"அப்ப எனக்கு ஒரு பாவந்தானே இருக்குது? ஃபாதர் திட்டுவாராப்பா?"

அல்போன்ஸ் அவளைப் பின்னால் நிறுத்திவிட்டு வரிசையில் முன்னே நகர்ந்தான்.

"நீ அப்புறமா போ கண்ணு. மொதல்ல அப்பா போறேன்."