விதைக் கடலையும் நாலாம் முறையும்

அந்தக் கிணற்றில் நாலு பங்கு. சித்திரை வெயிலில் ஊற்று குறைந்துவிட்டது. எருது பூட்டி நீர் இறைக்கும் கவலை இரண்டை ஒரே நேரத்தில் ஓட்டத் தண்ணீர் இல்லை. காலை, உச்சி, சாயங்காலம், ராத்திரி என்று முறை பிரித்துக்கொடுக்க என்னை நல்லம்பள்ளியிலிருந்து அழைத்தார்கள். நான் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர். மாசியில் என் மனைவி இறந்தாள். அதிலிருந்து கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தேன்.

புளியமரத்தடியில் மூன்று பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய பங்கு பச்சியப்பன். அடுத்தது குள்ளன். பிறகு சென்னம்மாள் என்ற வயதான விதவை. நாலாவது பங்கு பச்சியப்பனின் தம்பி தர்மனுடையது. தர்மன் பட்டாளத்தில் இருந்தான். அவன் மனைவி ராமக்காள், இடுப்பில் கைக்குழந்தையோடு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். கணவனின் அண்ணன் எதிரில் உட்காருவதும் பேசுவதும் அங்கே வழக்கமில்லை.

கடைசிப் பங்குக்கு ராத்திரி முறை என்று பச்சியப்பன் சொன்னார். சொல்லிவிட்டு மரத்தின் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, சம்மதந்தானே? வாயத் தொறந்து சொல்லு. சார் காத்துக்கிட்டு இருக்காரு."

எல்லாரும் திரும்பினார்கள். அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு இன்னும் பின்னே போனாள்.

"பேசலைன்னா சம்மதம்னு அர்த்தம்" என்றார் பச்சியப்பன். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஊரில் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அவள் வயலில் கேழ்வரகு கதிர் பிடிக்கும் பருவம். வரும் வழியில் பார்த்திருந்தேன். இன்னும் பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் பதர்தான்.

என் மனைவியும் அதிகம் பேசாதவள். என்ன வேண்டும் என்று முகத்தைப் பார்த்துக் கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு அவரைக்காய் உரித்தால், பாதி முறம் தீருவதற்குள் தானாக ஏதாவது சொல்வாள். அப்போது அவள் கண் கையில் இருக்கும்.

சைக்கிளில் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டுபோக வேண்டிய விதைக் கடலை மூட்டை இருந்தது. அவிழ்த்து, கூட வைத்திருந்த இரண்டு முறத்தில் கொஞ்சம் கொட்டினேன். பேச்சு நடக்கும்போதே உரித்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

"முறை கேக்க வந்தவங்கள முறத்துல உக்கார வச்சிட்டீங்களேங்க" என்றான் குள்ளன். ஆனாலும் உரித்தான்.

இரண்டாவது முறத்தைச் சென்னம்மாளிடம் கொடுத்தேன். அவள் அதை மரத்துக்கு அந்தப் பக்கம் எடுத்துப்போய் ராமக்காள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் இடம் மாறிப் பச்சியப்பனுக்குப் பக்கத்தில், கிணற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அவரும் என்னோடு பேசக் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது ராமக்காளை யாரும் பார்க்கவில்லை.

முறையைப் பற்றி நான் பேசவில்லை. அவரவர் வயலில் என்ன நிற்கிறது, கடைசியாக எப்போது பாய்ந்தது என்று மட்டும் கேட்டேன். குள்ளனிடம் ஆரம்பித்தேன். பிறகு பச்சியப்பன். பிறகு சென்னம்மாள். அதே கேள்வி, அதே குரல். நாலாவதாக யார் பெயரையும் சொல்லாமல், "அடுத்த வயல்ல?" என்று கேட்டுவிட்டுக் கடலையை உரித்தேன்.

பச்சியப்பன் பதில் சொல்ல வாயெடுத்தார். மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தித் தரச் சொன்னேன். நகர்த்தினார். ஓடு உடையும் சத்தம் மட்டும் கேட்டது.

"கேவுருங்க" என்றது பின்னாலிருந்து மெல்லிய குரல். "பாஞ்சு எட்டு நாளாச்சுங்க."

நான் திரும்பவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன். நல்ல பதில் என்று பாராட்டியிருந்தால் மறுபடி எல்லாரும் திரும்பியிருப்பார்கள்.

அடுத்து, ராத்திரியில் கவலை ஓட்டினால் யார் யாருக்கு என்ன சிரமம் என்று கேட்டேன். எருது மிரளும் என்றான் குள்ளன். எனக்குக் கண் தெரியாது என்றாள் சென்னம்மாள். பாம்பு என்றார் பச்சியப்பன். அவருக்கே சிரமம் இருப்பது அப்போதுதான் வெளியே வந்தது. இந்தத் தடவை நான் நாலாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் சென்னம்மாளிடம் ஏதோ கிசுகிசுப்பு. பிறகு ராமக்காளின் குரலே.

"ஓட்டறதுக்கு ஒரு ஆளு, மடை திருப்ப ஒரு ஆளு வேணுங்க. ராத்திரியில புள்ளைய எங்க போடறது? பகல்ல ஒரு முறை குடுத்தா, இந்தச் சென்னம்மா அத்தைக்கு நான் மடைக்கு நிக்கறேன். எனக்கு அத்தை நிப்பாங்க."

பச்சியப்பன் கையிலிருந்த கடலையை உடைத்து முறத்தில் போட்டார்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார் கிணற்றைப் பார்த்து.

"அப்ப நீ கேட்டியா? சம்மதமான்னுதானே கேட்ட" என்றாள் சென்னம்மாள்.

குள்ளன் சிரித்தான். ராத்திரி முறையை அவனும் பச்சியப்பனும் வாரம் மாற்றி எடுத்துக்கொள்வது என்று ஆயிற்று. சாயங்காலம் ராமக்காளுக்கு, காலை சென்னம்மாளுக்கு. அந்த வாரம் ராத்திரி எடுக்காதவருக்கு உச்சி முறை. முடிக்கும் முன் இன்னும் யாருக்காவது சிரமம் உண்டா என்று பொதுவாகக் கேட்டுவிட்டு இன்னும் ஒரு பிடி கடலை உரித்தேன். யாருக்கும் இல்லை.

அன்று சாயங்காலமே ராமக்காள் கவலை பூட்டினாள். வாய்க்காலில் தண்ணீர் கேழ்வரகுக்குப் போனது. சென்னம்மாள் மடையில் நின்றாள்.

உரித்த பருப்பை மூட்டையில் கட்டினேன். கடலை ஓடுகளை வாரிப் போடும்போது, தவறிய பருப்பு ஒன்று கையில் கிடைத்தது. வீட்டுக்குப் போய் யாரிடம் இதைச் சொல்வது என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. சைக்கிளை எடுத்தேன்.