நாற்பத்து நான்காம் எண்

பெற்றோர் வைத்த பெயர் அவளுக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் மிச்சம். மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் ‘கமா’. ஒரே ஒரு கமா இடம் மாறியதற்காக, விநியோகித்த நாற்பது பிரதிகளையும் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட்டவள் என்பதால் வந்த பட்டம். அவளும் அதைப் பெருமையாகத்தான் சுமந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்?

வேலை என்றால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஆலோசனைக் குழுவின் கூட்டக் குறிப்பை எழுதுவது. ஒவ்வொன்றும் ஐம்பது பக்கத்துக்குக் குறையாது. மருத்துவர்களும் துறைத் தலைவர்களும் இருந்த குழுவில், பொதுமக்கள் சார்பில் இந்த வருடம் புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள். முதல் கூட்டம் முடிந்ததும் அவர்களில் ஒருவரான தையல்காரம்மா, குறிப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு நேராக இவளிடம் வந்தார்.

“ஏம்மா, இதைப் படிச்சா எல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு. ஒரு வரியில நாலு சுருக்கம். இது எங்களுக்குப் புரியணும்னு எழுதினதா, புரியக் கூடாதுன்னு எழுதினதா?”

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அடுத்த குறிப்போடு ஒரு சொற்பட்டியல் இணைத்து அனுப்பும்படி சொன்னார்.

கமா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். இரண்டு வருடக் குறிப்புகளை எடுத்து வைத்து, கண்ணில் பட்ட சுருக்கத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டாள். ஒவ்வொன்றுக்கும் முழு வடிவம், ஒரு வரி விளக்கம், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று மூன்று கட்டம். துறை துறையாக ஃபோன் போட்டுச் சரிபார்த்தாள். ஒரே சுருக்கத்தை ஆய்வகம் ஒரு பொருளிலும் மருந்தகம் இன்னொரு பொருளிலும் வைத்திருந்தன. இரண்டையும் எழுதி, எது யாருடையது என்று குறித்தாள். ஐ.சி.யூ. எல்லாருக்கும் தெரியுமே என்று ஒருவர் சொன்னபோது, “தெரிஞ்சவங்க தாண்டிப் போகட்டும் சார்” என்று அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டாள். அகர வரிசையில் எண் போட்டபோது எழுபத்தொரு சொற்கள் தேறின.

விளக்கம் விளங்குகிறதா என்று பார்க்க வீட்டில் ஒரு சோதனைச் சாலை இருந்தது. அவள் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். மருத்துவமனைச் சமாச்சாரம் எதுவும் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் வராது. காபியும் கையுமாக உட்கார்ந்து பட்டியலைப் படித்தவர், நாற்பத்து நாலில் நின்றுவிட்டார்.

“நோ.பா.து. நோயாளர் பாதுகாப்புத் துணைக்குழு. சரி. யாரைக் கேக்கணும்கிற கட்டம் ஏன் காலியா இருக்கு?”

“யாருன்னு தெரியலங்க. யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.”

“ஆளே இல்லாத குழுவா? அப்புறம் அதுக்கு அனுப்பினதையெல்லாம் யாரு பார்க்குறா?”

அந்தக் கேள்வி அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ‘நோ.பா.து.வுக்கு அனுப்பப்பட்டது’ என்று அவளே எத்தனை முறை எழுதியிருக்கிறாள்! மறுநாள் பழைய கோப்புகளைக் குடைந்தாள். துணைக்குழு கடைசியாகக் கூடி நான்கு வருடம் ஆகியிருந்தது. உறுப்பினர்களின் பதவிக்காலம் அப்போதே முடிந்துவிட்டது, புதிதாக யாரையும் போடவில்லை. அதன் பிறகு அங்கே அனுப்பப்பட்ட விஷயங்கள் பத்தொன்பது. பத்தொன்பதும் கிணற்றில் போட்ட கல். நான்காவது வார்டில் படுக்கையோர அழைப்பு மணி வேலை செய்யவில்லை என்பது மட்டும் ஏழு முறை போயிருந்தது. ஏழு முறையும் எழுதியது அவள் கை. அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது.

விளக்கத்தை மாற்றி எழுதினாள். அச்சுக்குப் போகுமுன் பட்டியலைப் பார்த்த குழுச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்குழுவைக் கூட்ட வேண்டிய பொறுப்பு அவருடையதுதான்.

“என்னம்மா இது? சுருக்கத்தை விரிச்சு எழுதச் சொன்னா, சரித்திரம் எழுதி வச்சிருக்கீங்க?”

“விரிச்சா மட்டும் என்ன சார் புரியும்? அப்படி ஒரு குழு இருக்குன்னு நெனச்சுப்பாங்க.”

“அந்த வரியை எடுத்துடுங்க.”

“குறிப்புல அந்தச் சுருக்கம் இருக்கே சார்.”

“இருந்துட்டுப் போகட்டும். உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்குல்ல? கையெழுத்து நான்தான் போடணும்.”

பதினோரு வருட வேலை. வருடா வருடம் அந்தக் கையெழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இருக்கைக்குத் திரும்பி, கொஞ்ச நேரம் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு வரியை எடுத்தாள். ஆனால் எண்களை மாற்றவில்லை. நாற்பத்து மூன்றுக்குக் கீழே நாற்பத்தைந்து. அப்படியே அச்சடித்து, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். செயலாளர் வரி போனதைப் பார்த்தார், எண்ணைப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் குறிப்பெழுதுபவர் வாய் திறப்பதில்லை. மூலையில் தனி மேசை, குனிந்த தலை, எழுதும் கை. பதினோரு வருடத்தில் அவள் அந்த அறையில் இருமியதுகூடக் கிடையாது.

தையல்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இணைப்பைப் பிரித்தார். பக்கமெங்கும் அவர் போட்டுவைத்த சிவப்புக் கோடு.

“ஐயா, பன்னெண்டாம் பக்கத்துல நோ.பா.து.ன்னு இருக்கு. பட்டியல்ல தேடினேன், இல்ல. நாப்பத்தி மூணுக்கு அப்புறம் நாப்பத்தி அஞ்சு வருது. நாப்பத்தி நாலு எங்க போச்சு?”

“அச்சுப் பிழை, விட்டுப்போயிருக்கும்” என்றார் செயலாளர்.

தலைவர் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். “கமாவா? எண்ணுலயா விட்டுடுவாங்க?”

அறையே மூலையைத் திரும்பிப் பார்த்தது. செயலாளரும் பார்த்தார். அந்தப் பார்வையில் அடுத்த மாதக் கையெழுத்து இருந்தது. கமா பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள்.

“விட்டுப்போகல டாக்டர். எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். எடத்தை மட்டும் காலியா வச்சேன். அந்த வரியைப் படிக்கட்டுமா?”

“படிங்க.”

“நோ.பா.து.: நோயாளர் பாதுகாப்புத் துணைக்குழு. நான்கு ஆண்டுகளாகக் கூடவில்லை. உறுப்பினர்கள் இல்லை. இங்கே அனுப்பப்பட்டவை பத்தொன்பது. பதில் வந்தவை எதுவும் இல்லை.”

தையல்காரம்மாதான் முதலில் பேசினார். “நாலாவது வார்டு மணியும் அதுலதானா?”

“ஏழு தடவை போயிருக்கும்மா.”

“எங்கம்மா அந்த மணியை அமுக்கி அமுக்கிப் பார்த்துட்டுத்தான் கட்டில்லேர்ந்து தானா எறங்கி விழுந்தாங்க. இடுப்பெலும்பு போச்சு. அதுக்காகத்தான் நான் இந்தக் குழுவுக்கே வந்தேன்.”

தலைவர் செயலாளரைப் பார்த்தபடியே சொன்னார்: “மணி பதினஞ்சு நாள்ல வேலை செய்யணும். பொறுப்பு, செயலாளர். துணைக்குழுவுக்கு இப்பவே ஆள் போடுவோம்.”

“சரி டாக்டர்” என்றார் செயலாளர். “ஆனா கமா பேசினது குறிப்புல வர வேண்டாமே. குறிப்பெழுதறவங்க குழு உறுப்பினர் இல்லையே.”

கமா உட்கார்ந்தாள். கையெழுத்து கிடைக்காது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பயமாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்தாள். அறையில் நடந்ததை அறையில் நடந்தபடி எழுதத்தானே இந்தப் பதினோரு வருடமும் உட்கார வைத்தார்கள்?

கொட்டை எழுத்தில், கமா உட்படத் திருத்தமாக எழுதினாள்: ‘குறிப்பெழுதுபவர் எழுந்து, நீக்கப்பட்ட 44ஆம் எண்ணை வாசித்தார். இதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார்.’